ராமானுஜனின் இரண்டு கடிதங்களும் ஒரு ஏணியும்

சில மாதங்களுக்கு முன் ஒரு கடிதம் எழுதி மூக்குடைபட்டேன். ஓய்வுபெற்ற ஒரு மூத்த அதிகாரியின் வீட்டில் அவருடைய தாத்தா காலத்துக் கடிதக் கட்டு ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அதைப் பார்க்க அனுமதி கேட்டு எழுதினேன். அவரை நான் பார்த்ததில்லை, பேசியதும் இல்லை. 'அன்புள்ள ஐயா' என்று தொடங்கி, 'அன்புடன்' என்று முடித்திருந்தேன். மூன்று வாரம் ஆகியும் பதில் இல்லை.

எங்கள் மேல்வீட்டில் இருக்கும் பெரியவர் வருவாய்த் துறையில் சூப்பரின்டெண்டெண்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயிரக்கணக்கான கடிதங்களுக்கு வரைவு எழுதிய கை. அவரிடம் நகலைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"நடுவுல எல்லாம் நல்லா இருக்கு தம்பி. மேலயும் கீழயும்தான் தப்பு. அவரை உனக்கு முன்னப் பின்னத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"அப்புறம் அன்பு எங்கேருந்து வந்துச்சு?"

பதில் சொல்ல முடியவில்லை. இங்கிலீஷில் 'டியர் சார்' என்று போட்டால் யாரும் ஒன்றும் சொல்வதில்லையே, அதைத்தானே தமிழில் எழுதினேன் என்று முனகினேன். "அது வேற, இது வேற" என்றார். அந்த 'வேற' என்ன என்று தேடப்போனதில் கிடைத்தவைதான் இந்தக் குறிப்புகள்.

திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு விண்ணப்பம்

என்னிடம் இருந்த சான்றுகளில் மிகத் தெளிவானது, எல்லோருக்கும் தெரிந்த ஒருவருடையது. கணித மேதை ராமானுஜன் ஏறக்குறைய ஓராண்டு இடைவெளியில் எழுதிய இரண்டு ஆங்கிலக் கடிதங்கள். அவற்றில் உள்ள கணிதத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் பார்க்கப் போவது முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும்தான்.

முதல் கடிதம் 1912 பிப்ரவரி 9 அன்று திருவல்லிக்கேணி, சம்மர் ஹவுஸ், 7ஆம் எண் வீட்டிலிருந்து எழுதப்பட்டது. மெட்ராஸ் துறைமுகக் கழகத்தின் தலைமைக் கணக்கருக்கு. அங்கே ஒரு கிளார்க் வேலை காலியாக இருப்பதாக அறிகிறேன், அதற்கு விண்ணப்பிக்கிறேன் என்கிறார். மெட்ரிக்குலேஷன் தேறியதையும், எஃப்.ஏ. வரை படித்து மேலே தொடர முடியாமல் போனதையும் சொல்கிறார். தொடக்கம் வெறும் 'சார்'. டியர் கிடையாது. முடிவு, 'ஐ பெக் டு ரிமெய்ன், சார், யுவர் மோஸ்ட் ஒபீடியன்ட் சர்வன்ட்'. அதாவது, ஐயா, தங்கள் மிகவும் கீழ்ப்படிதலுள்ள வேலைக்காரனாக இருக்க வேண்டுகிறேன் என்று கையெழுத்து. வேலை கிடைத்தது. மார்ச் 1 முதல் மாதம் 30 ரூபாய் சம்பளம்.

இரண்டாவது கடிதம் 1913 ஜனவரி 16 தேதியிட்டது. கேம்பிரிட்ஜில் இருந்த ஜி.எச். ஹார்டிக்கு. இங்கே தொடக்கம் 'டியர் சார்'. முடிவு, 'ஐ ரிமெய்ன், டியர் சார், யுவர்ஸ் ட்ரூலி'. வேலைக்காரனைக் காணோம், கீழ்ப்படிதலையும் காணோம்.

மேலோட்டமாகப் பார்த்தால் தலைகீழாகத் தோன்றும். ஹார்டி டிரினிட்டி கல்லூரியின் பேராளர், ராயல் சொசைட்டி உறுப்பினர், ஆளும் இனத்தைச் சேர்ந்தவர். துறைமுகக் கழகத்தின் தலைமைக் கணக்கரோ எஸ். நாராயண ஐயர், அவரும் கணிதம் படித்தவர். பிறகு ராமானுஜனோடு இரவில் உட்கார்ந்து பலகையில் கணக்குப் போட்டவர். தன்னூர்க்காரருக்கு 'மோஸ்ட் ஒபீடியன்ட் சர்வன்ட்', கடல் தாண்டி இருந்த பெரியவருக்கு வெறும் 'யுவர்ஸ் ட்ரூலி'. ஏன்?

காரணம், அந்தச் சொற்கள் ஆளின் பெருமையை அளப்பவை அல்ல. எழுதுகிறவருக்கும் பெறுகிறவருக்கும் நடுவில் என்ன உறவு என்பதைச் சொல்பவை. முதல் கடிதம் ஒரு பதவிக்குப் போகிறது. பெயர்கூட இல்லை, 'தலைமைக் கணக்கர்' என்ற நாற்காலிக்குத்தான் விண்ணப்பம். வேலை கிடைத்தால் அந்த நாற்காலிக்குக் கீழே உட்கார வேண்டும். இரண்டாவது கடிதம் ஒரு தனி மனிதர் இன்னொரு தனி மனிதருக்கு எழுதுவது. ஹார்டி அவருக்கு மேலதிகாரி இல்லை. ஆகவே ஆணைக்கு அடங்குவதாகச் சொல்ல ஏதும் இல்லை.

படிகள்

அன்றைய ஆங்கிலக் கடித ஏணியை இப்படி அடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலே, மிகத் தள்ளி நிற்பது 'சார்'. அரசாங்கத்துக்கும், பதவியில் இருப்பவருக்கு அலுவல் முறையிலும் எழுதுவது. அதற்கு முடிவு 'ஐ ஹேவ் தி ஹானர் டு பி, சார், யுவர் மோஸ்ட் ஒபீடியன்ட் சர்வன்ட்'. அதற்கு ஒரு படி கீழே, அறிமுகமில்லாதவருக்குத் தனிப்பட்ட முறையில் 'டியர் சார்'. முடிவு 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி' அல்லது 'யுவர்ஸ் ட்ரூலி'. அறிமுகம் ஆன பிறகு 'டியர் மிஸ்டர் இன்னார்', முடிவு 'யுவர்ஸ் சின்சியர்லி'. நெருங்கிய பிறகு மிஸ்டரும் உதிர்ந்துவிடும். குடும்பப் பெயர் மட்டும் மிஞ்சும்.

இந்த ஏணியில் ராமானுஜன் நின்ற இடம் துல்லியமானது. ஹார்டியின் 'ஆர்டர்ஸ் ஆஃப் இன்ஃபினிட்டி' என்ற சிறு நூலை அவர் பார்த்திருந்தார். அதைக் கடிதத்திலேயே சொல்கிறார். ஆனாலும் 'டியர் மிஸ்டர் ஹார்டி' என்று எழுதவில்லை. நூலைப் படித்தவர் என்பதால் அறிமுகமானவர் ஆகிவிட முடியாது. தன்னைத்தானே அறிமுகம் செய்துகொள்ள அனுமதி கேட்டுத்தான் முதல் வாக்கியமே தொடங்குகிறது. தான் யார், எங்கே என்ன வேலை, எவ்வளவு சம்பளம், ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்பதெல்லாம் வருகிறது. கடைசியில் தொந்தரவுக்கு மன்னிப்பு. பணிவு முழுவதும் வாக்கியங்களில் இருக்கிறது. கையெழுத்துக்கு மேலே அதைக் கொட்டவில்லை.

கடைசிப் படியைப் பற்றி ஒரு வேடிக்கை. ஆங்கிலேயரின் குடும்பப் பெயர் வழக்கம் நம்மிடம் இல்லை. எஸ். ராமானுஜன் என்பதில் 'எஸ்' அப்பாவின் பெயர், ஸ்ரீனிவாசன். 'ராமானுஜன்' அவருக்கே வைத்த பெயர். கேம்பிரிட்ஜ்காரர்கள் அதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, சக அறிஞர்களை அழைக்கும் வழக்கப்படி மிஸ்டர் இல்லாமல் 'ராமானுஜன்' என்றபோது அவர்கள் காட்டியது சமமான தோழமை. கும்பகோணத்தில் அதே வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் உரிமை அம்மாவுக்கும் பெரியவர்களுக்கும் கூடப் படித்தவர்களுக்கும்தான். ஒரே சொல், இரண்டு ஏணிகளில் இரண்டு படிகள்.

செத்த சொல்லும் உயிருள்ள சொல்லும்

'ஒபீடியன்ட் சர்வன்ட்' என்று எழுதியதால் எழுதியவர் நிஜமாகவே குனிந்தார் என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவில் 1804இல் அலெக்சாண்டர் ஹாமில்டனும் ஆரன் பர்ரும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக் கடிதப் போர் நடத்தினார்கள். அந்தக் கடிதங்களில் 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்' என்ற முடிவு வருகிறது. ஜூலை 11 அன்று இருவரும் துப்பாக்கியோடு எதிரெதிரே நின்றார்கள், ஹாமில்டன் குண்டடிபட்டு மறுநாள் இறந்தார். அந்தச் சொற்றொடரில் கீழ்ப்படிதலும் இல்லை, ஊழியமும் இல்லை. தேய்ந்துபோன நாணயம்போல, கைமாறுவதற்கு மட்டுமே பயன்பட்டது. பிரிட்டிஷ் அலுவல் வழக்கில் மேலதிகாரிகளும் கீழே இருப்பவர்களுக்கு எழுதும் முறையான கடிதத்தை இதே சொற்களால்தான் முடித்தார்கள்.

'டியர்' என்பதும் அப்படித்தான். கடிதத்தின் தலையில் அது அன்பைக் குறிப்பதை எப்போதோ விட்டுவிட்டது. அந்த இடத்தில் அது ஒரு கமா போல.

இப்போது மேல்வீட்டுப் பெரியவரின் 'வேற' புரியத் தொடங்குகிறது. 'டியர்' என்ற செத்த சொல்லை 'அன்புள்ள' என்று மொழிபெயர்த்தால் அது உயிர் பெற்று எழுந்துவிடுகிறது. தமிழில் 'அன்பு' இன்னும் அன்புதான். 'ஒபீடியன்ட்' என்பதைக் 'கீழ்ப்படிதலுள்ள' என்று எழுதினால் நிஜமாகவே முதுகு வளைகிறது. தமிழ் அலுவலகக் கடிதத்தின் சங்கடம் பெரும்பாலும் இங்கிருந்து வருவதுதான் என்பது என் எண்ணம்.

நம்முடைய பழைய ஏணி

அப்படியானால் ஆங்கிலம் வருமுன் நாம் எப்படி எழுதினோம்?

முதலில், கடிதத்தின் பெயரிலேயே படி இருந்தது. அரசனிடமிருந்தோ பெரியவரிடமிருந்தோ வந்தால் அது திருமுகம். பொதுவாக ஓலை. கீழிருந்து மேலே போனால் விண்ணப்பம். பதினோராம் திருமுறையின் முதல் பகுதியான திருமுகப் பாசுரம் வடிவத்தில் ஒரு சிபாரிசுக் கடிதம்தான். பாணபத்திரருக்குப் பொருள் கொடுத்து அனுப்பும்படி ஆலவாய் இறைவன் சேரமான் பெருமாளுக்கு எழுதியதாக மரபு. அதில் அனுப்புபவர் யார், எந்த ஊர் என்பது முதலில் வரும். பெறுபவர் பிறகு வருவார், 'காண்க' என்ற சொல்லோடு. மேலிருந்து கீழே வரும் ஓலையில் எழுதியவர் முன்னால் நிற்பது இயல்பு.

காகிதக் காலத்தில் இந்த வரிசை மாறியது. நூறாண்டுக்கு முந்தைய தமிழ்க் கடிதங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே பிள்ளையார் சுழி. பிறகு மதிப்புக்குரிய ஆண்களுக்கு 'மகாராஜராஜஸ்ரீ', அதன் சுருக்கம் 'ம-ள-ள-ஸ்ரீ', பெயருக்குப் பின்னால் 'அவர்கள்'. வீட்டில் மூத்தவர்களுக்கு 'அநேக நமஸ்காரம்'. இளையவனுக்குச் 'சிரஞ்சீவி', மணமான பெண்ணுக்குச் 'சௌபாக்கியவதி', கூடவே 'ஆசீர்வாதம்'. இவ்விடம் க்ஷேமம், அவ்விடத்திய க்ஷேமத்துக்கு எழுதவும். அதன்பின் 'நிற்க' என்று ஒரு சொல் போட்டுவிட்டு விஷயத்துக்கு வருவார்கள்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, யாரும் தன் மனநிலையைச் சொல்லவில்லை. அன்பு, உண்மை, கீழ்ப்படிதல் எதுவும் இல்லை. நீ எனக்கு மூத்தவனா இளையவனா, உறவா வெளியாளா என்பதை மட்டும் சொல்லி, அதற்குரிய நமஸ்காரத்தையோ ஆசீர்வாதத்தையோ வைக்கிறார்கள். இரண்டு, வேலை முழுவதும் கடிதத்தின் தலையிலேயே முடிந்துவிடுகிறது. காலில் இருப்பது 'இப்படிக்கு' என்ற ஒரே சொல்.

'இப்படிக்கு' எனக்கு மிகவும் பிடித்த சொல். ராஜாவும் போடலாம், ரயத்தும் போடலாம். மேலே எழுதியிருப்பது இப்படி, அதற்கு நான் என்று பொருள். சோழர் காலக் கல்வெட்டுகளின் கடைசியில் சாட்சிகளும் கணக்கர்களும் 'இப்படி அறிவேன்', 'இவை என் எழுத்து' என்று கையெழுத்திடுவார்கள். 'இப்படிக்கு' அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்றே எனக்குப் படுகிறது. ஆங்கிலக் கடிதம் ஒரு கும்பிடோடு முடிகிறது. தமிழ்க் கடிதம் ஒரு சாட்சிக் கையெழுத்தோடு முடிகிறது.

இரண்டு ஏணிகளும் சந்தித்த இடம் மெட்ராஸ் ராஜதானியின் அலுவலகங்கள். மகாராஜராஜஸ்ரீ அங்கே 'எம்.ஆர்.ஆர்.ஒய்.' என்ற நான்கு ஆங்கில எழுத்துகளாகி, உறைமேல் உள்ளூர்ப் பெரிய மனிதர்களின் பெயருக்கு முன்னால் ஏறியது. பெயருக்குப் பின்னால் தமிழருக்கு 'அவர்கள்', தெலுங்கருக்கு 'காரு', அவையும் ஆங்கில எழுத்தில். உறையில் நம் ஏணி, உள்ளே அவர்கள் ஏணி. போகும்போது நம் மரியாதையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வரும்போது அவர்களுடைய முடிவுரையை நாம் எடுத்துக்கொண்டோம்.

அது எங்கே வந்து சேர்ந்தது என்று தேட ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டியதில்லை. எந்தப் பள்ளிக்கூடத்து விடுப்பு விண்ணப்பத்தையும் பாருங்கள். காய்ச்சல் காரணமாக இரண்டு நாள் விடுப்பு வேண்டும். 'இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்.' சாட்சிக் கையெழுத்தும் கும்பிடும் ஒன்றாக ஒட்டவைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்பது வயதுப் பிள்ளை காய்ச்சலோடு படுத்துக்கொண்டு, ஹாமில்டனும் பர்ரும் போட்ட அதே வாசகத்தைப் போடுகிறது. வித்தியாசம் என்னவென்றால், அவர்கள் இருவரும் அதை நம்பவில்லை. இந்தப் பிள்ளை நம்பும்.

உடைத்தவர்கள்

இந்த ஏணியை வேண்டுமென்றே உடைத்தவர்களும் உண்டு. காந்தி தென்னாப்பிரிக்காவில் அரசுக்கு அனுப்பிய மனுக்களில் 'ஒபீடியன்ட் சர்வன்ட்' என்று கையெழுத்திட்டவர்தான். 1930 மார்ச் 2 அன்று, உப்புச் சட்டத்தை மீறப் போவதாக வைஸ்ராய் இர்வினுக்கு எழுதியபோது 'டியர் ஃப்ரெண்ட்' என்று தொடங்கினார். 'யுவர் எக்ஸலன்சி' இல்லை. முடிவு, 'யுவர் சின்சியர் ஃப்ரெண்ட்'. அதை எடுத்துப்போனவர் ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞர். கடிதத்தின் உள்ளே ஆட்சியின் மேல் கடுமையான குற்றச்சாட்டுகள். ஆனால் அந்த முதல் இரண்டு சொற்களிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. ஆள்பவனும் ஆளப்படுபவனும் என்ற உறவு அங்கே இல்லாமல் போய்விட்டது. வைஸ்ராய் தாமே பதில் எழுதவில்லை. தனிச் செயலாளரிடமிருந்து சுருக்கமான பதில் வந்தது. தோழமைக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒரு படி தள்ளி நிற்கும் வழி அது.

தமிழ்நாட்டில் 1932இல் ஐரோப்பா, சோவியத் பயணம் முடிந்து திரும்பிய பெரியார், ம-ள-ள-ஸ்ரீ, ஸ்ரீமான் போன்றவற்றை விட்டு எல்லோரையும் 'தோழர்' என்றே குறிக்கலாம் என்று 'குடிஅர'சில் அறிவித்தார். 1967இல் அண்ணா முதலமைச்சரான பிறகு அரசு வழக்கில் ஸ்ரீ, ஸ்ரீமதி போய்த் திரு, திருமதி, செல்வி வந்தன. பெயருக்கு முன்னால் இருந்த படிகள் இப்படிக் குறைந்தன. கடிதத்தின் காலில் ஒட்டிக்கொண்ட 'கீழ்ப்படிதலுள்ள' மட்டும் பலர் கண்ணில் படவே இல்லை.

அலுவலக மேசையில்

இன்றைய நிலையை மேல்வீட்டுப் பெரியவரிடமே கேட்டேன். விரலை மடக்கி மூன்று வகை சொன்னார்.

"ஒண்ணு, கடிதம். ஆபீஸ் ஆபீஸுக்கு எழுதுறது. 'ஐயா'ன்னு ஆரம்பிக்கணும், ஆளா பெண்ணா தெரியலைன்னா 'ஐயா, அம்மையீர்'. 'தங்கள் உண்மையுள்ள'ன்னு முடிக்கணும். அங்க பேரே வேண்டாம், பதவிதான். ரெண்டு, நேர்முகக் கடிதம், டி.ஓ. லெட்டர்னு சொல்லுவோம். ஒரு ஆபீசர் இன்னொரு ஆபீசருக்குப் பேர் போட்டு எழுதுறது. 'அன்புள்ள திரு. இன்னார்'. அதை நினைச்சவங்களுக்கெல்லாம் எழுத முடியாது. ஓரிரு படி மேல கீழ இருக்குறவங்களுக்குத்தான். மூணு, குறிப்பாணை, அதான் மெமோ. அதுக்கு மேலயும் ஒண்ணும் கிடையாது, கீழயும் ஒண்ணும் கிடையாது."

மூன்றாவதில்தான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. விளிச்சொல்லே இல்லாததும் ஒரு படிதான். வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும், உறையைப் பிரித்ததும் 'ஐயா' இல்லாவிட்டால் வயிற்றைப் பிசையும். அதனால்தான், கூட வேலை பார்ப்பவருக்கு மின்னஞ்சல் அனுப்பும்போது அவசரத்தில் மேலும் கீழும் விட்டுவிட்டால், நாம் சுருக்கமாக எழுதியதாக நினைக்கிறோம், அவர் தனக்கு மெமோ வந்ததாக நினைக்கிறார்.

"சரி சார், ஒரே விஷயத்தை நாலு பேருக்கு எழுதணும்னா?" என்றேன். ஒரு பழைய கோப்பின் நகல் வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். இருவரும் சேர்ந்து எழுதிப் பார்த்தோம்.

பக்கத்து மேசைக்காரருக்கு: "குமார், அந்த 1998 ஃபைல் நகல் ஒண்ணு எடுத்து வைங்க. நன்றி." பெயரே விளி, நன்றியே முடிவு. இவருக்குப் போய் 'மதிப்பிற்குரிய' என்று எழுதினால், என்ன கோபம் என்று கேட்பார். நெருக்கமானவரிடம் திடீரென்று ஏறும் மரியாதை, ஒரு அடி தள்ளி நிற்பதற்குச் சமம்.

வேறு பிரிவில், முகம் தெரிந்த, ஏறக்குறைய சமமானவருக்கு: "அன்புள்ள திரு. குமார், வணக்கம்." என்று தொடங்கி, "அன்புடன்" என்று முடிவு. அன்புக்கு இங்கே இடம் உண்டு, பழகியிருக்கிறோம்.

தெரிந்த மேலதிகாரிக்கு: "மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்." முடிவு "பணிவுடன்" அல்லது "தங்கள் உண்மையுள்ள". பெயரை விளியில் கொண்டுவர வேண்டாம். ஆங்கிலத்தில் பெயர் தெரிந்தும் 'டியர் சார்' என்றால் நீங்கள் அவரை மறந்துவிட்டதுபோல் இருக்கும். தமிழில் மேலவர் பெயரைச் சொல்லாமல் இருப்பதே மரியாதை. இரண்டு ஏணிகளும் நேர் எதிராகப் போகும் இடம் இதுதான், அதிகமாகத் தடுக்கி விழும் இடமும் இதுதான்.

அறிமுகமே இல்லாத மூத்தவருக்கு: "மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்." விளி அதேதான். ஆனால் அடுத்த வாக்கியம் மாறும். நான் இன்னார், இங்கே இந்த வேலை செய்கிறேன், உங்களுக்கு எழுதக் காரணம் இது. ராமானுஜன் செய்ததேதான். முடிவில் 'அன்புடன்' வேண்டாம், உரிமை இல்லை. 'கீழ்ப்படிதலுள்ள' வேண்டாம், அவர் நமக்கு அதிகாரி இல்லை. "நன்றியுடன்" போடலாம். அல்லது வெறும் "இப்படிக்கு".

"அமைச்சருக்கும் கவர்னருக்கும் மாண்புமிகு, நீதிபதிக்கு மாண்பமை. அதெல்லாம் பதவிக்கு ஒட்டுற லேபிள், அதுல யோசிக்க ஒண்ணும் இல்ல" என்றார் பெரியவர். "யோசிக்க வேண்டியது லேபிள் இல்லாத ஆளுக்குத்தான்."

பொருந்தாமையைக் கண்டுபிடிக்க அவர் ஒரு எளிய வழி வைத்திருந்தார். கடிதத்தின் நடுப்பகுதியைக் கையால் மறைத்துவிட்டு முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் படித்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே ஆள் ஒரே ஆளுக்குச் சொல்வதுபோல் இருந்தால் சரி. 'மதிப்பிற்குரிய ஐயா' என்று எழுந்து நின்று ஆரம்பித்து, 'என்றும் அன்புடன்' என்று தோளில் கைபோட்டு முடிந்தால் நடுவில் எங்கோ ஆள் மாறிவிட்டார்.

என் கடிதம்

அன்றிரவே திருத்தி எழுதினேன். "மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். என் முந்தைய கடிதத்தில் என்னை நான் சரியாக அறிமுகம் செய்துகொள்ளவில்லை." நான் யார், எதற்காகக் கடிதங்களைப் பார்க்க வேண்டும், எதைப் பிரசுரிக்க மாட்டேன் என்று எழுதினேன். கடைசியில் "இப்படிக்கு" என்று போட்டு என் பெயர்.

பத்தாம் நாள் பதில் வந்தது. மை பேனாவில், கொஞ்சம் நடுங்கிய எழுத்து. "அன்புள்ள தம்பி" என்று தொடங்கியிருந்தது. அடுத்த மாதம் வரலாம், கட்டு பெட்டியில் இருக்கிறது, சில தாள்கள் செல்லரித்துவிட்டன, மீதி இருப்பதையாவது யாராவது படித்தால் சந்தோஷம் என்று எழுதியிருந்தார். முதல் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதை எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். "தம்பின்னு எழுதிட்டார் சார். இப்ப நான் என்ன போடணும்?"

பெரியவர் சிரித்தார். "படியில இருந்து முதல்ல இறங்க வேண்டியது பெரியவங்க. அவர் இறங்கிட்டார். நீ அதுக்காக அண்ணான்னு போட்டுடாதே. ஐயாதான். முன்னாடி மட்டும் ஒரு சொல் சேர்த்துக்கோ."

அப்படியே எழுதினேன். 'அன்புள்ள ஐயா.' முதல் கடிதத்தில் இருந்த அதே இரண்டு சொற்கள்தான்.